பஞ்சுப் பெட்டியும் நான்கு மில்லிமீட்டரும்

இரங்கல் விளம்பரத்துக்கு வாசகம் எழுதியது சித்தி. "அன்பும் பொறுமையும் நிறைந்தவர்" என்று எழுதியிருந்தார். பொறுமை என்ற சொல்லை நான் அடித்தேன். சித்தி முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆமா, அது எங்க இருந்துச்சு அவகிட்ட" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவைப் பற்றி விளம்பரத்தில் அடங்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அம்மா கட்டடப் பொறியாளர். பட்டயப் படிப்பு. முதலில் வரைபட மேசை, பிறகு சைட். வரைபடத்தில் உள்ளபடி கம்பி கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கான்கிரீட் ஊற்றலாம். ஊற்றிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே போய்விடும். அதனால் அடிக்கடி நிறுத்துவார். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் "நிறுத்து மேடம்". அவருக்கும் அது தெரியும். போனில் புது ஆளிடம் தன்னை அப்படியே அறிமுகம் செய்துகொண்டு எதிர்முனையைத் திணறடித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

நான் குளிர்சாதன அமைப்புகளை வடிவமைக்கிறவன். ஓர் அறைக்குள் எந்த வழியாக எவ்வளவு வெப்பம் வருகிறது என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. வீட்டில் இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் இதையே பேசுவோம். அப்பா, "இவங்க ரெண்டு பேருக்கும் சோத்துக்குப் பதிலா சிமென்ட்டு போட்டாக்கூடத் தெரியாது" என்பார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் கட்டிலை மேற்கு அறையில் போட்டோம். வேறு அறையில் சக்கர நாற்காலி திரும்பாது. பால்கனிக் கதவை ஒட்டிக் கட்டில். தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏசி ஓடும், திரை போட்டிருக்கும், சுவருக்குள் வெப்பத்தடுப்புப் பலகையும் இருந்தது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் கதவோரத் தரை சுடும். அம்மா அங்கேதான் கீழே உட்கார்ந்து அவருக்கு ஊட்டுவார். ஈரத்துணி விரித்துப் பார்த்தார். துணி காய்ந்ததும் பழையபடி.

"உங்க ஆளுங்க வீடு கட்டச் சொன்னா அடுப்பு கட்டியிருக்காங்க" என்றார் அப்பா. வாய் கோணியிருந்ததால் அதைச் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அம்மா தரையில் கையை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார். நான் சொன்னேன். பால்கனிக்கு அடியில் தூண் கிடையாது. அறையின் தளமே சுவரைத் தாண்டி வெளியே நீண்டு பால்கனியாக நிற்கிறது. உள்ளும் வெளியும் ஒரே கான்கிரீட், ஒரே கம்பி. வெளியே வெயிலில் காய்கிற பால்கனித் தளம், உள்ளே இருக்கிற தரைக்குச் சூட்டைக் கடத்துகிறது. சுவரில் எவ்வளவு தடுப்பு வைத்தாலும் அந்த இடத்தில் மட்டும் தடுப்பே இல்லை. கொதிக்கிற குழம்பில் கரண்டியைப் போட்டுவைத்தால் காம்பு சுடுகிற மாதிரி. எங்கள் துறையில் இதை வெப்பப் பாலம் என்போம். கான்கிரீட் சூடேற நேரம் எடுக்கும். அதனால்தான் வெயில் தணிகிற நேரத்தில் உள்ளே சுடுகிறது.

"அப்போ வெட்டிவிட்டா?" என்றார்.

"பால்கனி கீழே போயிடும்."

"தெரியாமலா கேக்கிறேன்? வெட்டணும், விழவும் கூடாது. அதுக்கு என்ன பண்றாங்க?"

அதற்கென்று ஓர் இணைப்பு இருக்கிறது என்றேன். தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே வைக்கும் நீளப் பெட்டி. உள்ளே கல்பஞ்சு, கல்லை உருக்கிப் பஞ்சாக நூற்றது. அந்தப் பஞ்சைத் துளைத்துக்கொண்டு, மேல்பக்கம் இழுவிசையைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கீழ்ப்பக்கம் அழுத்தத்தைத் தாங்கச் சின்னச் சின்னக் கட்டைகள். அந்த எஃகு சாதாரணக் கம்பியில் மூன்றில் ஒரு பங்குகூட வெப்பத்தைக் கடத்தாது. வெப்பம் முழுதும் நிற்காது, பெருமளவு குறையும். கட்டும்போதே வைத்தால்தான் உண்டு. கட்டி முடித்த வீட்டில் பால்கனியைச் சுற்றிலும் தடுப்பு ஒட்டலாம், அதில் பலன் குறைவு.

அம்மா எழுந்து கை கழுவப் போனார். எங்கள் வீட்டுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதை ஒரே நொடியில் ஏற்றுக்கொண்டார். அடுத்த வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்கான ஓர் இல்லம். நீளமான கட்டடம், ஒரு பக்கம் முழுக்க மேற்கு. அறைக்கு ஒரு பால்கனி, கட்டிலை அப்படியே தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு. வடிவமைப்பாளரை அம்மா விடவில்லை. அவர் இளைஞர், கணக்கில் கெட்டி, இந்த இணைப்பைப் பற்றிப் படித்திருக்கிறாரே தவிர வைத்துப் பார்த்ததில்லை. இல்லத்தின் நிர்வாகத்தையும் அம்மா விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம், "எழுந்து நகர முடிஞ்சவங்களுக்கு நான் இதைக் கேக்கலை" என்றே ஆரம்பித்தாராம். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் ஒரே ஒரு பால்கனி. அதன் மேல் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். தேறினால் மற்றவை. தேறாவிட்டால் பழைய முறை, அம்மாவும் அந்த சைட்டில் இருக்க வேண்டியதில்லை.

பெட்டிகள் வந்து இறங்கின. வேலையாட்கள் அதற்குப் பஞ்சுப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். கம்பிகளை எவர்சில்வர் கம்பி என்றார்கள். மேஸ்திரி ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், விரலால் பஞ்சை அமுக்கினார், கீழே வைத்தார்.

"மேடம், தலையணை மேல பால்கனி கட்டச் சொல்றீங்க."

"தலையணையில எவர்சில்வர் கம்பி இருக்கா உங்க வீட்ல?" என்று அம்மா கேட்டாராம்.

மேஸ்திரிக்கும் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பல கட்டடங்களில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். சண்டை போடுவார்கள், ஆனால் அடுத்த சைட்டுக்கு அம்மா போனால் அவரையும் கேட்டு வாங்கிக்கொள்வார். கம்பி கட்டுவதில் அவரிடம் ஏமாற்று இருந்ததில்லை.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊற்றுவதற்குச் சற்று முன்பு, கலவை வண்டி வாசலில் நிற்கும்போதுதான் கம்பியைக் கடைசியாகப் பார்ப்பார். முதல் நாள் பார்த்தது செல்லாது. இரவில் யாராவது மிதித்திருக்கலாம், எதையாவது நகர்த்தியிருக்கலாம். சோதனைப் பால்கனிக்கு மட்டும் அந்த வழக்கம் தவறியது. ஊற்ற வேண்டிய அன்று விடியுமுன் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு அம்மா மேஸ்திரியிடம் போனில் சொன்னார்: "நேத்து சாயங்காலம் பார்த்துட்டேன். சரியா இருந்துச்சு. ஊத்துங்க."

கான்கிரீட் இறுகியது. சோதனை நாளில் நான் அங்கே இல்லை. அம்மா சொன்னபடி எழுதுகிறேன். பால்கனிக்கு அடியில் முட்டுகளை விரல் நுழைகிற இடைவெளி விட்டு இறக்கிவைத்தார்கள், ஏதாவது ஆனால் தாங்கிப் பிடிக்க. பால்கனியின் முனையில், எவ்வளவு இறங்குகிறது என்று முள்ளால் காட்டும் அளவுமானி. மேலே வரிசையாக டிரம்கள். குழாய் வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள், தண்ணீரின் எடை கணக்குப் போடச் சுலபம். முனை நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும் என்று வடிவமைப்பாளர் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட இணைப்பு வைத்த பால்கனி சாதாரணப் பால்கனியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாழும், அதற்காகத்தான் கான்கிரீட் ஊற்ற அச்சுப் பலகை அடிக்கும்போதே முனையைச் சற்றுத் தூக்கி அடித்திருந்தார்கள்.

டிரம்கள் நிறைந்தன. முள் இரண்டரையில் நின்றது. அங்கேயே இருந்தது. தண்ணீரை இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்தது.

எல்லோருக்கும் சந்தோஷம். ஒப்பந்தக்காரர் கை கொடுத்தார். நினைத்ததைவிடக் கெட்டி, அம்மா சொன்னதுதான் நடந்தது, நாளையே அடுத்த பெட்டிகளை வைக்கலாம் என்றார். மேஸ்திரி டீ வாங்கி வரச் சொன்னார். அம்மா மட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. குரலைக் கேட்டதும் தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"பாஸ் ஆயிடுச்சு" என்றார். "ஆனா இது நம்ம பால்கனி இல்லை."

கான்கிரீட் நல்லபடியாக அமைந்திருக்கலாம், அதனால் குறைவாக இறங்கியிருக்கலாம் என்றேன். வடிவமைப்பாளரும் அதையேதான் முதலில் சொன்னாராம். அம்மா அவரிடம், கான்கிரீட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார். அவர் போட்டுவிட்டுத் திரும்ப அழைத்து, கொஞ்சம்தான் குறையும், இவ்வளவு குறையாது என்றார். இறக்கத்தில் பெரும்பகுதி வருவது அந்தப் பெட்டியில் இருக்கும் கம்பிகள் நீள்வதால். அது குறைந்திருக்கிறது என்றால் ஒரே ஒரு காரணம்தான். உள்ளே கம்பி அதிகம் இருக்கிறது.

மறுநாள் அம்மா மேஸ்திரியிடம் போனார். கம்பி தேடும் கருவி அலுவலகத்தில் இருந்தது. எடுத்துப் போகவில்லை. மேஸ்திரி கம்பி வளைக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு போட்டீங்க?" என்றார் அம்மா.

அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, எவர்சில்வர் கம்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சாதாரணக் கம்பி ஒன்று, பஞ்சைக் குத்தி அந்தப் பக்கம் வரை, என்றார். ஊற்றுகிற அன்று விடிகாலையில், அம்மாவின் போன் வந்த பிறகு, ஆட்கள் வருவதற்குள் அவரே செய்தது. வேறு யாருக்கும் தெரியாது.

அதற்குக் காரணம் இருந்தது, அதையும் சொன்னார். அவர் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டடத்தில் முட்டுகளைப் பிரித்த அன்றே பால்கனி விழுந்தது. அடியில் அவருடைய தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க கணக்கு போடுவீங்க, அவர் கணக்கு போடுவார். எனக்கு அது தெரியாது. பால்கனின்னா எனக்கு அவன் முகம்தான். பஞ்சு மேல நான் எப்படி ஊத்துவேன், சொல்லுங்க."

அம்மா அவரைத் திட்டத்தான் போயிருந்தார். திட்டவில்லை. அந்தப் பால்கனி ஏன் விழுந்தது என்று கேட்டார். மேல்பக்கம் இருக்க வேண்டிய கம்பியை ஊற்றும்போது மிதித்து மிதித்துக் கீழே தள்ளிவிட்டார்கள் என்றார் மேஸ்திரி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தளத்துக்கு மேல்பக்கம்தான் இழுபடும், அங்கே கம்பி இல்லாமல் போய்விட்டது. அம்மா ஒரு பஞ்சுப் பெட்டியை இழுத்து அவர் முன்னால் வைத்து, அதன் மேல்கம்பியை மிதித்துக் கீழே தள்ளச் சொன்னார். அவர் மிதித்தார். தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த கம்பி, அசையவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தார். பால்கனிப் பக்கம் இதோடு சேர்த்துக் கட்டுகிற கம்பி மிதிபடலாம், அதற்கு அடியில் தாங்கிகளை நெருக்கமாக வைக்கலாம், அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அம்மா.

பிறகு அவருடைய கம்பியைப் பற்றியும் சொன்னார். அது சூட்டை உள்ளே கொண்டுபோகும், பெட்டி வைத்ததே வீண். அதோடு, பஞ்சுக்குள் அதைச் சுற்றிக் கான்கிரீட் கிடையாது. மழைத் தண்ணீர் இறங்கினால் துருப்பிடிக்கும். துரு உப்பிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும், வெளியே யாருக்கும் தெரியாது.

"காப்பாத்தணும்னு போட்டீங்க. நாள்பட அதுவே அரிச்சுடும், மேஸ்திரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இடித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், அறுத்துவிடலாம் என்றார் அம்மா.

ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தேறிய பால்கனியை எதற்குத் தோண்ட வேண்டும், இதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து சரியாகச் செய்தால் போதாதா என்றார். நியாயமான கேள்விதான். அம்மாவின் பதில், தேறியது வேறு பால்கனி, இனி கட்டப்போகிற எதையும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது. மறுபடி சோதித்துத் தோற்றால் பழைய முறைக்குப் போய்விடுவேன், நீங்களும் கிளம்பிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் நினைவுபடுத்தினார். "அதுக்குத்தானே சோதனை" என்றார் அம்மா.

இரண்டாவது சோதனைக்கு என்னையும் வரச் சொன்னார். தரையின் வெப்பத்தை அளக்க முடியுமா என்று கேட்டார். கதவில்லாத, குளிரூட்டாத அறையில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை என்றேன். "அப்போ முள்ளை மட்டும் பார், வாயை மூடிக்கோ" என்றார்.

முட்டுகளை இறுக்கினார்கள். மேஸ்திரி பெட்டியின் மேல்பட்டையைப் பிரித்துப் பஞ்சைக் கைகையாக எடுத்து வைத்தார். கீழே கம்பி வரிசை தெரிந்தது, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பு எல்லாவற்றிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பிறகு வேறு யாரிடமும் கொடுக்காமல் அறுக்கும் இயந்திரத்தைத் தானே எடுத்தார். எவர்சில்வர் கம்பிகளுக்குத் தகட்டால் மறைப்பு வைத்து, ஒவ்வொரு கறுப்புக் கம்பியையும் இரண்டு இடத்தில் அறுத்து நடுத்துண்டை வெளியே எடுத்தார். ஒரே இடத்தில் அறுத்தால் முனைகள் தொட்டுக்கொண்டே இருக்கும். பொறி பறந்தது. கல்பஞ்சு எரியாது என்று தெரிந்திருந்தும் ஒருவர் தண்ணீர் வாளியோடு நின்றார். வெட்டிய முனைகளில் துருத்தடுப்புப் பூசினார்கள்.

எடுத்த துண்டுகளை மேஸ்திரி ஓரமாகக் குவித்தார்.

முட்டுகளை இறக்கினார்கள். பால்கனி தன் எடைக்குக் கொஞ்சம் தாழ்ந்தது. அதைக் குறித்துக்கொண்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்கள். தண்ணீரைத் திறந்தார்கள்.

முள் ஒன்றைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. போன தடவை நின்ற இடத்தையும் தாண்டியது. மேஸ்திரி, "மேடம், இறங்குது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"இறங்கணும்" என்றார் அம்மா.

மூன்று. மூன்றரை. ஒப்பந்தக்காரர் பின்னால் நகர்ந்து நின்றார். வடிவமைப்பாளர் காகிதத்தில் எதையோ திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றால் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும்.

கடைசி டிரம் நிறைந்தபோது முள் நான்கைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் நின்றது. காத்திருந்தோம். அது நகரவில்லை. மறுநாள் வரை பாரம் அப்படியே இருந்தது, அதன் பிறகும் ஒரு மயிரிழைதான் கூடியது. தண்ணீரை இறக்கினார்கள். முள் ஏறக்குறைய முழுவதும் திரும்பியது.

இந்தத் தடவை யாரும் கை கொடுக்கவில்லை. மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பால்கனியில் ஏறினார். முனை வரை நடந்தார். அங்கே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா அந்த நேரத்தில் குனிந்து, எடுத்து வைத்த பஞ்சைத் திரும்பவும் பிளவுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். விரலால் மூலை வரை அமுக்கினார். கையெல்லாம் அரித்தது. உறை போடச் சொன்னேன், கேட்கவில்லை.

ஒப்பந்தக்காரர் வடிவமைப்பாளரிடம், அடுத்த வரிசையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அப்பா அந்த இல்லம் முடிவதற்குள் போய்விட்டார். மேற்கு அறையில்தான். அம்மா காரியம் முடிந்த கையோடு சைட்டுக்குத் திரும்பினார். ஓய்வெடுக்கச் சொன்ன சித்தியிடம், இன்னும் இரண்டு மாடிக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது என்றார். அதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தார். மற்றவற்றை விளம்பரம் சொல்லிவிட்டது.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நான்தான் கொண்டுபோய் விட்டேன். மேல்மாடியில் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கலவை வண்டி கீழே நின்றது. அம்மா கம்பியைப் பார்க்கக் குனிந்தபோது மேஸ்திரி குறுக்கே கையை நீட்டி, கொஞ்சம் பொறுங்க என்றார். இரண்டு பெட்டிகள் சேருகிற இடத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதற்குள் கலவை இறங்கினால் அங்கே ஒரு கான்கிரீட் சுவர் உருவாகும், சூடு அதன் வழியே நடந்து உள்ளே வரும். பெட்டியை வைத்தவரைக் கூப்பிட்டு, "இந்த ஓட்டைய யாரு மூடுவா, உன் மாமனாரா?" என்று கேட்டார். பஞ்சு கொண்டுவரச் சொல்லி அடைத்தார். பட்டை ஒட்டினார். கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு தள்ளி நின்று வழிவிட்டார்.

அம்மா முழு வரிசையையும் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊத்துங்க" என்றார்.